மெஷின் நின்றால் யார் வருவார்? சி.என்.சி. மெஷின் விற்பவர்கள் வாரண்டியையும் சர்வீஸையும் எழுதிச் சொல்லும் முறை

கோயம்புத்தூரில் வி.எம்.சி., அதாவது உலோகத்தைச் செதுக்கும் ஒரு வகை சி.என்.சி. மெஷின்களுக்கு 6 வருஷம் சர்வீஸ் பார்த்துவிட்டு அப்புறம் அதே தொழிலில் விற்பனைக்கு வந்தவன் நான். சர்வீஸில் இருந்தபோது நான் வாங்கிய திட்டுகளில் பாதிக்கு மேல், மெஷின் விற்றபோது யாரோ சொல்லாமல் விட்ட விஷயங்களுக்காக வாங்கியவை. அதனால் புது வாடிக்கையாளருக்கு மெசேஜ், மெயில், கொட்டேஷன் எழுதும்போது வாரண்டியையும் சர்வீஸையும் எப்படி எழுத வேண்டும் என்று எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். அதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். உதாரணமெல்லாம் வி.எம்.சி. தான், ஆனால் கம்ப்ரஸரோ பிரிண்டிங் மெஷினோ விற்பவர்களும் தங்கள் மெஷினுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் வாங்குபவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்ப்போம். கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருப்பவர், 25 லட்சம் கடன் வாங்கி ஒரு மெஷின் போடுகிறார் என்று வையுங்கள். 11 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 54,400 ரூபாய். மணிக்கு 500 ரூபாய் ரேட்டில் இரண்டு ஷிஃப்ட், 16 மணி நேரம் ஓட்டினால் ஒரு நாளைக்கு 8,000 ரூபாய் வர வேண்டும். மெஷின் 4 நாள் நின்றால் 32,000 போய்விட்டது, தவணையில் பாதிக்கு மேல். டெலிவரி தவறியதால் கை மாறிப்போகும் ஆர்டர் இந்தக் கணக்கில் இல்லை. அவர் "எத்தனை வருஷம் வாரண்டி?" என்று கேட்கும்போது உண்மையில் கேட்பது, "நின்றால் எத்தனை நாள் நிற்கும்?" என்பதைத்தான். நீங்கள் எழுதுவதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும்.

படி 1: எழுதுவதற்கு முன் சர்வீஸ் ரெஜிஸ்டரைத் திறங்கள்

விற்பனை ஆட்கள் செய்யும் பெரிய தவறு, பிரோஷரில் இருக்கும் "உடனடி சர்வீஸ்" என்ற வரியை அப்படியே எடுத்துப் போடுவது. அந்த வரியை யாரும் நம்புவதில்லை, ஏனென்றால் எல்லாரும் அதையேதான் எழுதுகிறார்கள். உங்கள் சர்வீஸ் டிபார்ட்மெண்டில் போய் உட்கார்ந்து, போன வருஷம் உங்கள் ஏரியாவில் வந்த கம்ப்ளெயிண்ட்களை ஒவ்வொன்றாக எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று தேதி வேண்டும்: போன் வந்த தேதி, ஆள் போன தேதி, மெஷின் மறுபடி ஓடிய தேதி. மூன்றாவது தேதி பல ரெஜிஸ்டர்களில் இருக்கவே இருக்காது, கால் முடிந்தது என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அப்படியென்றால் வாடிக்கையாளருக்கே போன் போட்டுக் கேளுங்கள், அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

மொத்தம் 40 கம்ப்ளெயிண்ட் என்று வைத்துக்கொள்வோம். 22 போனிலேயோ அன்றைக்கேயோ முடிந்தது, 14 மூன்று நாளுக்குள் முடிந்தது, மீதி 4 இழுத்தது, அதில் ஒன்று 19 நாள். இங்கே சராசரி எடுக்காதீர்கள். சராசரி எடுத்தால் அந்த 19 நாள் உள்ளே ஒளிந்துகொள்ளும், வாங்குபவர் பயப்படுவதோ அந்த 19 நாளுக்குத்தான். "பத்தில் ஒன்பது கம்ப்ளெயிண்ட் 3 நாளுக்குள் சரியாகிவிட்டது, நான்கு மட்டும் அதிக நாள் எடுத்தது, காரணம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பார்ட்" என்று எழுதுங்கள். மேனேஜர் முகம் சுளிப்பார். ஆனால் பட்டறை ஓனர் இதைப் படித்துவிட்டு, அந்தப் பார்ட் எது, இப்போது ஸ்டாக் வைத்திருக்கிறீர்களா என்று கேட்பார். அவர் அப்படிக் கேட்டுவிட்டால் பேச்சு விலையிலிருந்து மெஷினுக்கு வந்துவிட்டது.

இதோடு இன்னும் இரண்டு விவரம் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் உட்கார்ந்திருக்கும் சர்வீஸ் ஆட்கள் எத்தனை பேர், அவர்கள் கையில் எத்தனை மெஷின். அப்புறம், எந்தெந்தப் பார்ட் உள்ளூரிலேயே அலமாரியில் இருக்கிறது. "இருக்கிறது" என்று சொன்னால் போதாது, போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

படி 2: முதல் மெசேஜில் வாரண்டி ஒரே ஒரு வரி

முதல் தடவை வாட்ஸ்அப்பில் எழுதும்போதே வாரண்டி விதிகளைக் கொட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். அங்கே ஒரு வரி போதும், அந்த வரியில் அவர் விசாரித்துப் பார்க்கக்கூடிய ஒரு விஷயம் இருக்க வேண்டும். நான் எழுதுவது இப்படி:

"வணக்கம் சார். உங்கள் ஏரியாவில் எங்கள் வி.எம்.சி. மூன்று பட்டறைகளில் ஓடுகிறது. நீங்கள் சரி என்றால் அந்த ஓனர்களிடம் சொல்லிவிட்டு அவர்கள் நம்பரை அனுப்புகிறேன். மெஷின் நின்றபோது நாங்கள் எப்படி வந்து பார்த்தோம் என்று அவர்களிடமே கேளுங்கள். அதற்கப்புறம் நாம் விலை பேசலாம்."

அந்த மூன்று பேரில் ஒருவராவது மெஷின் ஒரு தடவையாவது நின்றுபோனவராக இருக்கட்டும். ஒரு நாள்கூட நிற்காத மெஷின்காரர் உங்கள் சர்வீஸைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருக்காது. நின்று, நீங்கள் போய்ச் சரிசெய்து கொடுத்த ஆள்தான் வேண்டும். அவர் அனுமதி இல்லாமல் நம்பர் கொடுக்கவே கூடாது, இது ரொம்ப முக்கியம்.

படி 3: வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்

இந்தத் தொழிலில் அதிகம் பார்க்கிற வாசகம் இதுதான்: மெஷின் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து 12 மாதம், அல்லது தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய நாளிலிருந்து 15 மாதம், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரை. மாத எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அமைப்பு இதுதான். வாங்குபவர் கண்ணில் "12 மாதம்" மட்டும்தான் படும். பின்பாதியை யாரும் அவருக்குச் சொல்லுவதில்லை.

ஒரு மெஷின் 2025 ஜனவரி 10 அன்று கிளம்பியது என்று வைப்போம். ஓனரின் புது ஷெட்டில் தரை வேலை முடியவில்லை, மின் இணைப்பில் லோடு கூட்ட விண்ணப்பித்தது இன்னும் வரவில்லை. மெஷின் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. ஜூன் 20 அன்றுதான் ஓட ஆரம்பிக்கிறது. ஓனர் மனதில் 2026 ஜூன் 19 வரை வாரண்டி. காகிதப்படி 15 மாதக் கணக்கு முன்னால் வந்துவிடுகிறது, 2026 ஏப்ரல் 9 அன்று முடிந்துவிட்டது. மெஷின் ஓடிய காலத்தில் அவருக்குக் கிடைத்த வாரண்டி 10 மாதம்கூட இல்லை. மே மாதம் மோட்டாரை இயக்கும் டிரைவ் ஒன்று பழுதானால் பெரிய சண்டை வரும், அந்தச் சண்டையில் அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாக அவர் நினைப்பார், ஏனென்றால் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஆகவே கொட்டேஷனோடு அனுப்பும் கடிதத்தில், அவருடைய தேதிகளையே போட்டு எழுதுங்கள்: "உங்கள் ஷெட் ஜூனில் தயாராகும் என்றீர்கள். மெஷின் ஜனவரியில் வந்தால் வாரண்டியில் நாள் வீணாகலாம். மின் இணைப்பு வந்த தேதி தெரிந்ததும் டெலிவரி தேதியைக் குறிப்போம்." டெலிவரியைத் தள்ளிப்போடச் சொல்கிற விற்பனையாளரைப் பார்த்ததே இல்லை என்று ஒரு ஓனர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த மாத டார்கெட் தப்பியது உண்மை. இரண்டாவது மெஷினையும் அவர் என்னிடமே வாங்கினார்.

படி 4: எதற்கு வாரண்டி இல்லை என்பதை விற்பதற்கு முன்னாலேயே சொல்லுங்கள்

இந்தப் பகுதிக்கு நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். விதிமுறைப் பக்கத்தில் இருபது வரி இருக்கும், ஆனால் நடைமுறையில் சண்டை வருவது மூன்று இடத்தில்தான்: டூலைப் பிடித்துச் சுற்றும் ஸ்பிண்டில் இடிபடுவது, மின்சாரம், தேய்ந்து தீரும் பொருட்கள்.

ஸ்பிண்டில் இடிப்பதைப் பற்றிச் சொல்கிறேன். ஆபரேட்டர் டூல் ஆஃப்செட்டில் ஒரு எண்ணைத் தப்பாகப் போடுகிறார், டூல் வேகமாக இறங்கி வைஸில் இடிக்கிறது. மெஷின் அப்போதைக்கு ஓடும். ஒரு மாதம் கழித்து ஸ்பிண்டிலில் சத்தம் வருகிறது, போரிங் அளவு நிற்கவில்லை. ஓனருக்கு இடித்த விஷயமே தெரியாது, ஆபரேட்டர் பயந்துகொண்டு சொல்லவில்லை. சர்வீஸ் ஆள் வந்து மாண்ட்ரல் மாட்டி டயல் வைத்துச் சுற்றிப் பார்க்கிறார், ரன் அவுட், அதாவது சுற்றும்போது வரும் ஆட்டம், அதிகமாக இருக்கிறது. கன்ட்ரோலரில் அலாரம் ஹிஸ்டரியைப் பார்த்தால் அந்தத் தேதியில் ஓவர்லோடு அலாரம் பதிவாகியிருக்கிறது. இந்த வேலை வாரண்டியில் வராது. ஓனருக்கோ தன்னை ஏமாற்றுகிறார்கள் என்ற எண்ணம்.

இதை முன்னாலேயே எழுதும்போது, "விபத்துச் சேதம் வாரண்டியில் அடங்காது" என்ற ஒற்றை வரியால் பயனில்லை. இப்படி எழுதலாம்: "டூல் இடித்தால் அதற்கு வாரண்டி கிடையாது. ஆனால் இடித்த அன்றே எங்களுக்குச் சொன்னால், ஆள் வந்து ரன் அவுட் பார்த்து எழுதிக் கொடுப்பார். அன்றைக்கு ரீடிங் சரியாக இருந்தால் அந்தத் தாள் உங்களிடம் இருக்கட்டும். பின்னால் பேரிங்கில் பிரச்சினை வந்து பேச்சு எழுந்தால் அது உங்களுக்கு ஆதாரம்." இந்த ஏற்பாட்டுக்குச் சர்வீஸ் டிபார்ட்மெண்ட் சம்மதம் முதலில் வாங்குங்கள், சம்மதிக்காவிட்டால் எழுதாதீர்கள். ஆபரேட்டர் உண்மையைச் சொன்னால் திட்டக்கூடாது என்று ஓனரிடம் நேரில் சொல்லிவிடுவேன், அதை எழுத்தில் போட மாட்டேன்.

மின்சாரம் இன்னொரு தலைவலி. எர்த்திங் சரியில்லாமல், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் ஏறி, போர்டு போய்விட்டது என்று வாரண்டியை மறுப்பார்கள். வழக்கமாக அந்த அளவு 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள், உங்கள் கம்பெனி கேட்கும் அளவு என்னவோ அதை எழுதுங்கள். மெஷின் வருவதற்கு முன்பே ஆளை அனுப்பி மீட்டர் வைத்து அளந்து, அளவைத் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஸ்டெபிலைசர் அவர் வாங்க வேண்டுமா, நீங்கள் தருகிறீர்களா என்பதும் கொட்டேஷனிலேயே வந்துவிட வேண்டும். ஏர் பிரஷருக்கும் இதே மாதிரிதான், அதிகம் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது தேய்ந்து தீரும் பொருட்கள். ஃபில்டர், வைப்பர், பெல்ட், ஆயில் எல்லாம் வாரண்டியில் வராது என்று அவருக்கே தெரியும். தெரியாதது பேட்டரி. அச்சுகளின் இருப்பிடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள என்கோடருக்குப் பேட்டரி இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மெஷின் ஆஃபில் கிடக்கும்போதுதான் அது செலவாகும். ஒரு தீபாவளிக்குப் பட்டறையை மூடிவிட்டுப் போய், ஒரு வாரம் கழித்து வந்து ஸ்விட்சைப் போட்டால் ஸ்க்ரீனில் `APC ALARM: BATTERY VOLTAGE 0`. மூன்று அச்சுக்கும் ஜீரோ, அதாவது இருப்பிடத்தைக் கணக்கிடத் தொடங்கும் புள்ளி, போய்விட்டது. லீவு முடிந்து எல்லாப் பட்டறையிலிருந்தும் ஒரே நாளில் கூப்பிடுவதால் நாங்கள் போய்ச் சேர மூன்று நாள் ஆகிவிட்டது, போய் ஜீரோ செட் செய்து கொடுத்ததற்குப் பில்லும் போட்டோம். அந்த ஓனர் வயதானவர், கோபப்படவில்லை. "ஏந்தம்பி, இதை வாங்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பேட்டரி வாங்கி மாட்டியிருக்க மாட்டனா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு நான் மெசேஜ் அனுப்புகிறேன்: ஸ்க்ரீனில் `BAT` மின்னுகிறதா பாருங்கள், மின்னினால் லீவுக்கு முன்னால் மாற்றுங்கள், மாற்றும்போது மெஷின் ஆனில், எமர்ஜென்சி பட்டன் அழுத்தியபடி இருக்க வேண்டும், ஆஃப் செய்துவிட்டு மாற்றினால் ஜீரோ போய்விடும். (இது என் மெஷின்களில் இருக்கும் கன்ட்ரோலருக்கான முறை. உங்கள் மெஷினுக்கு மேனுவலைப் பார்த்து எழுதுங்கள்.) புதிதாக வாங்கப்போகிறவருக்கு நான் இந்த மெசேஜையே மாதிரியாகக் காட்டுகிறேன்.

படி 5: "மெஷின் நின்ற நாள்" என்று ஒரு பக்கம்

கொட்டேஷன் போன மறுநாள் இந்தப் பக்கத்தை அனுப்புகிறேன். விதிமுறை மொழி எதுவும் இதில் இருக்காது. அப்படியே தருகிறேன்:

"காலை 9 மணிக்கு மெஷின் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரீனில் இருக்கும் அலாரத்தைப் போட்டோ எடுத்து, மெஷின் சீரியல் நம்பரோடு எங்கள் சர்வீஸ் நம்பருக்கு அனுப்புங்கள். ஒரு மணி நேரத்துக்குள் இன்ஜினியர் உங்களைக் கூப்பிடுவார். போனிலேயே சரியாகாவிட்டால், கோவைக்குள் மறுநாள் மாலைக்குள் ஆள் வருவார். ஞாயிறும் அரசு விடுமுறையும் இந்தக் கணக்கில் சேராது. பார்ட் மாற்ற வேண்டும் என்றால், எங்கள் கோவை ஆபீஸில் எப்போதும் இருக்கும் பார்ட்கள் பட்டியலைக் கீழே கொடுத்திருக்கிறோம். அதில் இல்லாதது தொழிற்சாலையிலிருந்து வர 3 முதல் 5 வேலைநாள். வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதற்கு இப்போதே நாள் சொல்ல முடியாது, ஆர்டர் போட்ட அன்றே வரும் தேதியை எழுத்தில் தருவோம். வாரண்டி காலத்தில் ஆள் வருவதற்கும் பார்ட்டுக்கும் கட்டணம் இல்லை. டூல் இடித்தது, மின்சாரம், தேய்ந்து தீரும் பொருட்கள், இந்த மூன்றில் வந்த பழுது என்றால் கட்டணம் உண்டு, வேலை தொடங்கும் முன் தொகையைச் சொல்லி உங்கள் சம்மதம் வாங்குவோம்."

கவனித்துப் பாருங்கள், ஆள் வரும் நேரமும் மெஷின் ஓடும் நேரமும் இதில் தனித்தனியாக இருக்கிறது. "24 மணி நேரத்தில் சர்வீஸ்" என்று எழுதினால் வாங்குபவர் 24 மணி நேரத்தில் மெஷின் ஓடும் என்று புரிந்துகொள்வார், எழுதியவர் மனதில் ஆள் வருவது மட்டும்தான் இருந்திருக்கும். எண்கள் எல்லாம் படி 1-ல் எடுத்த ரெஜிஸ்டரிலிருந்து வர வேண்டும், என்னுடையதைக் காப்பி அடிக்காதீர்கள். ஆள் வேறு ஊரிலிருந்து வர வேண்டும் என்றால் மறுநாள் என்று எழுதவே கூடாது.

கன்ட்ரோலருக்குத் தனி வாரண்டி இருந்தால், அதற்கு யாருக்குப் போன் போட வேண்டும் என்பதும் இந்தப் பக்கத்தில் வரட்டும். மெஷின் கம்பெனி கன்ட்ரோலர் கம்பெனியைக் காட்ட, அவர்கள் இவர்களைக் காட்ட, நடுவில் ஓனர் நின்றுகொண்டிருப்பதை நிறையப் பார்த்துவிட்டேன். எந்தப் பழுதென்றாலும் முதல் போன் எங்களுக்கே, அங்கே பேசுவது எங்கள் வேலை என்று எழுத முடிந்தால் எழுதுங்கள், எழுதினால் செய்யுங்கள்.

படி 6: "அவன் 2 வருஷம் தருகிறான்" என்று வரும்போது

இது கட்டாயம் வரும். போட்டிக் கம்பெனியைக் குறை சொல்லி எழுதாதீர்கள். நான்கு கேள்வி எழுதி அனுப்புங்கள், அவரே அங்கே கேட்கட்டும்: இரண்டாவது வருஷத்தில் பார்ட் மட்டும் இலவசமா, ஆள் வருவதும் இலவசமா? ஸ்பிண்டிலும் பால் ஸ்க்ரூவும் அதில் சேருமா? இரண்டாவது வருஷம் செல்லுபடியாக இடையில் காசு கொடுத்து சர்வீஸ் செய்துகொள்ள வேண்டுமா? தொடங்கும் தேதி எது? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் பதிலையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பதில்களைப் பார்த்து அவர் அந்தப் பக்கம் போனால், அந்த மெஷினே அவருக்கு நல்லதாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபார நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டார், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்குபவருக்கு விலக்கு உண்டு. ஆள் வைத்து நடத்தும் பட்டறைக்காரர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று நம்பியிருக்க முடியாது, அவருக்குக் கையில் இருப்பது நீங்கள் எழுதிக் கொடுத்த தாள்தான். வாய்ப்பேச்சில் "பார்த்துக்கலாம் சார்" என்று சொன்ன எதுவாக இருந்தாலும் பர்ச்சேஸ் ஆர்டரில் ஏறட்டும்.

படி 7: வாரண்டி முடிந்த பிறகு என்ன செலவு என்பதையும் இப்போதே

ஏ.எம்.சி., அதாவது வருஷாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் விலையை வாரண்டி முடிகிற மாதம்தான் சொல்வது வழக்கம். நான் கொட்டேஷனிலேயே போடுகிறேன். இரண்டு வகை இருக்கிறது, ஒன்றில் ஆள் வருவது மட்டும், பார்ட்டுக்குத் தனிக் காசு. இன்னொன்றில் பார்ட்டும் சேரும், ஆனால் அதிலும் ஸ்பிண்டிலை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எதுவென்று எழுதி, வருஷத்துக்கு எத்தனை தடவை வந்து பார்ப்பீர்கள், வந்தால் என்ன செய்வீர்கள் (லெவல், பேக்லாஷ், லூப் ஆயில் போகிறதா, பேனல் ஃபேன் சுற்றுகிறதா) என்று சேர்த்து, 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி என்பதையும் போடுங்கள். ஏ.எம்.சி. வேண்டாம் என்பவருக்கு ஒரு தடவை வருவதற்கான கட்டணமும் தெரியட்டும்.

படி 8: பதினோராவது மாதம் ஒரு போன்

மெஷின் ஓட ஆரம்பித்த அன்றே ஒரு தாள் எழுதி, வாரண்டி முடியும் தேதியை அதில் போட்டு, லேமினேட் செய்து பேனல் கதவில் ஒட்டிவிடுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் நீங்களே கூப்பிடுங்கள்: "சார், அடுத்த மாதம் வாரண்டி முடிகிறது. சத்தம், லீக், அளவு மாறுவது, எப்போதாவது வந்து போகிற அலாரம், எதுவாக இருந்தாலும் இப்போதே எழுதி அனுப்புங்கள். தேதிக்கு முன்னால் பதிவான கம்ப்ளெயிண்ட், முடிக்கத் தாமதமானாலும் வாரண்டியிலேயே செய்துகொடுப்போம்." கடைசி வாக்கியத்துக்குச் சர்வீஸ் மேனேஜரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவைத்திருங்கள். ஓனரோடு பேசி முடித்ததும் போனை ஆபரேட்டரிடம் கொடுக்கச் சொல்லி அவரிடமும் கேளுங்கள், வந்து போகிற அலாரம் எதுவென்று அவருக்குத்தான் தெரியும்.